அத்தானின் 125, என்னுடைய 170

தங்கச்சியின் கலியாணம் முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணியிருக்கும். வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைக் கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று ஆற அமரத் தின்றுகொண்டிருந்தது. திருகோணமலையில் இது புதினமில்லை, ஆனால் அது இலை கிழிக்கிற சத்தம்கூட என் தலைக்குள் ஆணி இறக்கியது. எழும்பிக் கலைக்க முடியவில்லை.

"பியருக்கு மேல சாராயம் அடிச்சா இப்பிடித்தான். கலக்கக் கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்றார் அத்தான். அவர் சாராயத்தைத் தவிர வேறெதையும் தொடாத ஆள். ஆனால் இதைச் சொல்லும்போது அவர் தலையிலும் ஈரத் துவாய் சுற்றியிருந்தது. கலக்காத மனிசனுக்கு ஏன் தலையிடி?

பின்வளவில் கிடந்த போத்தல்களை எண்ணி, கையில் அகப்பட்ட ஒரு கடித உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். நான் குடித்தது 8.8 வீதம் போட்ட ஸ்ட்ரோங் பியர், 625 மில்லிலீற்றர் போத்தலில் இரண்டு. ஒன்றில் 55 மில்லிலீற்றர் சுத்த அல்ககோல். 33.5 வீதச் சாராயம் 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் இருப்பதே 60தான். அதாவது ஒரு பியர் கிட்டத்தட்ட ஒரு கால் போத்தல்! நானோ இரண்டு பியரையும் சோடாக் கணக்கில் விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் "குடிக்க" உட்கார்ந்து ஒரு கால் போத்தலை முடித்திருக்கிறேன். மொத்தம் 170. அரைப் போத்தல் சாராயத்தோடு நின்ற அத்தானுக்கு 125.

170 என்றால் ஏறக்குறைய 134 கிராம். ஈரல் மணிக்கு ஏழு முதல் பத்துக் கிராம் வரைதான் எரிக்கும். இரவு ஏழு மணிக்குத் தொடங்கியவனுக்குக் காலை ஒன்பதுக்கும் இரத்தத்தில் மிச்சம் இருந்திருக்கலாம், பிறகு தலை எப்படி நிமிரும்?

2019இல் வந்த ஒரு ஆய்வில் ஜேர்மனியில் 90 பேருக்கு இதைத்தான் செய்து பார்த்தார்கள். சிலருக்குப் பியர் கொடுத்துப் பிறகு வைன், சிலருக்கு வைனுக்குப் பிறகு பியர், சிலருக்கு ஒன்று மட்டும். எல்லோரையும் ஒரே போதை அளவுக்குக் கொண்டுவந்ததும் மறுநாள் அவஸ்தையில் வித்தியாசமே இல்லை. எவ்வளவு வெறித்ததாக உணர்ந்தார்கள், சத்தி எடுத்தார்களா என்பவைதான் மறுநாள் நிலைமையைக் காட்டின. அங்கே சாராயம் ஊற்றவில்லைதான், ஆனாலும் என் கணக்குக்கு இது பொருந்துகிறது. பியர் செய்த வேலை, சாராயம் ஊற்றுகிற கையை இளக்கிவிட்டது.

இதை அத்தானுக்கு விளக்கிக்கொண்டிருக்கையில் அம்மா வந்து அந்த உறையைத் தூக்கிப் பார்த்தார். அது மொய் உறை. 'அத்தான் – 125' என்று என் கையெழுத்து.

அம்மா குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "மருமகன் நூற்றியிருபத்தஞ்சு ரூவாதானே வைச்சவர்?"