சித்தி அனுப்பிய போட்டோவும் 25 தப்பான டேக்ஆஃபும்

மேசை மேல் ஒரு பாக்கெட் கிடக்கிறது. உள்ளே, சொட்டுநீரில் பெரிய குழாயிலிருந்து சின்னக் குழாயைப் பிரித்தெடுக்கும் 12 எம்.எம். டேக்ஆஃப் 25, ரப்பர் குரோமெட்டோடு. எனக்கு ஒன்றுகூடத் தேவையில்லை. கடைக்காரர் பிரித்த பாக்கெட்டைத் திரும்ப வாங்க மாட்டாராம். ஒரு போட்டோவைப் பார்த்துச் சொட்டுநீர் சாமானை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் காட்டிய கெட்டிக்காரத்தனத்துக்கான விலை இது.

கோபியில் இருக்கும் சித்தி வீட்டுக் கொல்லையில் நாலு வருடத்துக்கு முன் யாரோ ஒரு பிளம்பர் சொட்டுநீர் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு வரிசையில் தொட்டிச் செடிகள், பக்கத்திலேயே கத்தரியும் கீரையும் உள்ள பாத்தி. வெயிலில் காய்ந்து டேக்ஆஃப் மூன்று உடைந்துபோனது. பிளம்பர் இப்போது ஊரில் இல்லை. சித்தி வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு போட்டோ அனுப்பி, "கண்ணு, உடைஞ்சதெல்லாம் கோயமுத்தூர்லயே பார்த்து வாங்கிட்டு வந்துரு. இங்க கேட்டா என்ன சைஸுன்னு கேக்கறாங்க" என்றார். கோயமுத்தூரிலும் அதைத்தான் கேட்பார்கள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பொருள் என்ன என்று சொல்வதில் சிக்கல் இல்லை. வெள்ளை பி.வி.சி. குழாயின் பக்கவாட்டில் கறுப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் அது குரோமெட். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது டேக்ஆஃப். குழாயின் கடைசியை மடக்கி எட்டு வடிவ வளையத்தில் சொருகியிருந்தால் அந்த வளையம் எண்ட் கேப். அளவுதான் சண்டை. வெள்ளைக் குழாயிலிருந்து செடி வரிசைக்குப் போகும் சின்னக் குழாய், அதாவது லேட்டரல், 12 எம்.எம்மா, 16 எம்.எம்மா? இரண்டும் கறுப்பு, இரண்டும் உருண்டை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். போட்டோவில் ஒன்றுதான் இருக்கிறது.

சரி, கணக்குப் போட்டே கண்டுபிடிப்போம் என்று உட்கார்ந்தேன். படத்தை லேப்டாப்பில் பெயிண்டில் திறந்து, பி.வி.சி. குழாயின் அகலத்தை பிக்சலில் அளந்தேன். 84 வந்தது. அதிலிருந்து கிளம்பும் லேட்டரலின் அகலம் 40. இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்ததால் விகிதம் நியாயமானதுதான்: 84 வகுத்தல் 40, அதாவது 2.1. வீட்டு வேலைக்குப் போடும் முக்கால் இஞ்ச் வெள்ளைக் குழாயின் வெளிவிட்டம் 26.7 எம்.எம். அதை 2.1ஆல் வகுத்தால் 12.7. ஆக 12 எம்.எம். லேட்டரல்! படத்தில் இருந்த, தண்ணீரைத் திறந்து மூடும் பால் வால்வும் சின்னதாகத் தெரிந்ததால், முக்கால் இஞ்ச் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அன்றைக்கே போய் பாக்கெட்டை வாங்கிவிட்டேன்.

கோபிக்குப் போய் மாட்டினால் லேட்டரலுக்குள் டேக்ஆஃப் கிணற்றில் வாளி மாதிரி ஆடுகிறது. குழாய் 16 எம்.எம். எங்கே தப்பியது? பி.வி.சி. முக்கால் இஞ்ச் இல்லை, ஒரு இஞ்ச். ஒரு இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 33.4. அதை 2.1ஆல் வகுத்துப் பாருங்கள், 15.9 வரும். கணக்கு இரண்டு பக்கமும் அழகாக ஒத்துப்போகிறது, அதுதான் எரிச்சல். முக்கால் இஞ்சும் 12ம் ஜோடி, ஒரு இஞ்சும் 16ம் ஜோடி. இரண்டு ஜோடியின் விகிதமும் ஏறக்குறைய ஒன்றே. குழாய் ஓரம் மங்கலாக இருந்தால் அளப்பதில் இரண்டு பிக்சல் கூடக் குறைய வரத்தான் செய்யும், அந்தத் தவறுக்குள்ளேயே இரண்டு விடையும் அடங்கிவிடுகிறது. அளவு தெரியாத ஒன்றை வைத்து அளவு தெரியாத இன்னொன்றை அளந்திருக்கிறேன்.

திரும்பி வந்தபிறகு, மீதி வரிசைகளுக்காகச் சித்தியிடம் புதிதாகப் படம் கேட்டேன். இந்தத் தடவை ஒரே நிபந்தனை: குழாயை ஒட்டித் தரையில் ஒரு பத்து ரூபாய் நாணயம் இருக்கவேண்டும், போனை நேர் மேலே பிடித்து எடுக்கவேண்டும். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 எம்.எம். படத்தில் நாணயம் 135 பிக்சல், குழாய் 80. கணக்குப் போட்டால் சரியாக 16. குழாய் 12ஆக இருந்திருந்தால் 60 பிக்சல்தான் வந்திருக்கும். 60க்கும் 80க்கும் நடுவே கண் ஏமாறாது. சாய்வாக எடுத்தால் நாணயம் நீள்வட்டமாகிவிடும். அப்படியானால் அதன் நீளமான விட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், குறுகியதை அல்ல. இவ்வளவும் முடித்த பிறகு சித்தி சொல்கிறார், இஞ்ச் டேப் தையல் மெஷின் மேலேயே இருந்ததாம். நான்தான் கேட்கவில்லையாம்.

அந்த இரண்டாவது படத்தில் இன்னொரு அதிர்ஷ்டம். குழாயில் வெள்ளையாக ஏதோ அச்சு தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்து, குழாயைக் கொஞ்சம் திருப்பிக் கிட்டத்தில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். தொட்டி வரிசைக் குழாயில் ஐ.எஸ். 12786 என்று இருந்தது. பாத்திக் குழாயில் ஐ.எஸ். 13488. முதல் எண் வெறும் லேட்டரலுக்கான தரம், துளை நாம் போட்டு, தண்ணீரைச் சொட்டவிடும் டிரிப்பரை மாட்டிக்கொள்ள வேண்டியது. இரண்டாவது இன்லைன் குழாய்க்கானது, டிரிப்பர் குழாய்க்குள்ளேயே இருக்கும். முதல் படத்தில் நான் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். பாத்திக் குழாயில் வெளியே துருத்தும் டிரிப்பர் எதுவும் இல்லாததால், "துளை அடைத்துப் போச்சு, டிரிப்பரெல்லாம் விழுந்திருக்கு" என்று சித்திக்கு வியாக்கியானம் வேறு சொல்லியிருந்தேன். ஒன்றும் விழவில்லை. இன்லைனில் வெளியே தெரிவது ஊசிமுனை மாதிரித் துளை மட்டும்தான், அதுவும் சீரான இடைவெளியில். இனிமேல் யார் படம் அனுப்பினாலும் குழாயைத் திருப்பி அச்சைக் காட்டச் சொல்வதுதான் என் முதல் வேலை. உருட்டிப் போட்டிருக்கும் குழாயில் அந்த அச்சு எப்போதும் தரைப்பக்கம்தான் இருக்கும், அது ஏனோ.

தொட்டி வரிசை டிரிப்பர் விஷயத்தில் படத்தை நம்பிப் பயனில்லை. சின்னப் பொத்தான் மாதிரி, மூடி பச்சை. பச்சை என்றால் இத்தனை லிட்டர் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் சித்தியை ஒரு டம்ளரோடு கொல்லைக்கு அனுப்பினேன். மூன்று நிமிடத்தில் 200 மில்லி விழுந்தால் மணிக்கு 4 லிட்டர், 100 மில்லி என்றால் 2 லிட்டர். மோட்டார் பக்கத்துச் செடியில் 200 வந்தது, கடைசித் தொட்டியில் 130. அழுத்தம் குறைந்தாலும் ஒரே அளவு விடும் பி.சி. டிரிப்பராக இருந்தால் இவ்வளவு இறங்காது. ஆனால் இதை வைத்து மட்டும் சாதா டிரிப்பர் என்று முத்திரை குத்த முடியாது, கடைசித் தொட்டி டிரிப்பர் அடைத்திருந்தாலும் 130தான் வரும். இரண்டு டிரிப்பரையும் இடம் மாற்றி மாட்டி மறுபடி அளக்கச் சொன்னேன். மாற்றியும் கடைசித் தொட்டியில் 130தான் விழுந்தது. ஆகக் குறை டிரிப்பரில் இல்லை, அழுத்தத்தில். சாதாதான்.

இப்போது இந்த முழுக் கூத்திலும் எனக்குப் பெருமை தரும் ஒரே இடம். முதல் படத்தின் மூலையில் கறுப்பு உடலோடு ஒரு ஒய் வடிவ ஃபில்டர் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் ஸ்கிரீன் ஃபில்டரா, டிஸ்க் ஃபில்டரா தெரியாது. ஒரே கூட்டுக்குள் இரண்டும் போடும் மாடல்கள் உண்டு. நான் ஸ்கிரீன் என்றுதான் எழுதிவைத்தேன். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தபோது உடலில் வார்த்திருந்த அம்புக்குறி கண்ணில் பட்டது. அது தண்ணீர் டேங்கைப் பார்த்து நிற்கிறது! தண்ணீர் டேங்கிலிருந்துதானே வருகிறது. ஃபில்டரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், நாலு வருடமாக.

போன் போட்டேன். "சித்தி, ஃபில்டரைக் கழட்டிக் கழுவுவீங்களா?"

"மாசம் ஒருக்கா கழட்டுவேன் கண்ணு. சுத்தமாத்தான் இருக்கும். தொடச்சுட்டு மாட்டிருவேன்."

"உள்ளே எப்படி இருக்கு? சல்லடை மாதிரியா?"

"இல்ல, வளையல் அடுக்கி வச்ச மாதிரி இருக்கும். செவப்பு."

வளையல் அடுக்கு என்றால் டிஸ்க். என் யூகம் அதிலும் தப்பு. ஆனால் சுத்தமாக இருந்ததன் காரணம் புரிந்துவிட்டது. டிஸ்க் ஃபில்டரில் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே போகவேண்டும், அழுக்கு வளையல்களின் வெளிப்பக்கம் சேரும், துடைக்கலாம். தலைகீழாக மாட்டினால் அழுக்கு உட்பக்கத் துளையில் சேரும். சித்தி மாதாமாதம் துடைத்தது அழுக்கே படாத பக்கத்தை. அடுக்கைத் தளர்த்தி ஒவ்வொரு வளையலாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். உள்பக்கம் முழுக்கச் சேறு, பச்சைப் பாசி. கழுவி, ஃபில்டரைத் திருப்பி மாட்ட உள்ளூர் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். அதன் பிறகு கடைசித் தொட்டியில் 165 மில்லி. குறைந்த தண்ணீரில் பாதிக்குக் காரணம் அந்தச் சேறுதான்.

மீதி 35 மில்லி எங்கே போகிறது என்று இன்னும் தெரியவில்லை. குழாய் முடிவில், சேர்ந்த அழுக்கைத் திறந்து வெளியேற்றும் ஃபிளஷ் வால்வு இருக்கிறதா என்று முதல் படத்தில் தேடினேன், மல்லிச் செடி மறைத்துக்கொண்டிருக்கிறது. சித்தி இந்த வாரம் செடியை ஒதுக்கி ஒரு படம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். கூடவே ஒரு சின்ன வென்சுரி வைத்து மீன் அமில உரத்தைக் குழாய்த் தண்ணீரோடு இழுத்து விடலாமா என்று கேட்கிறார். வடிகட்டாமல் அதை உள்ளே விட்டால் ஃபில்டருக்கு மறுபடி வேலை வரும், எனவே முதலில் ஃபிளஷ் வால்வு.

16 எம்.எம். டேக்ஆஃப் 5 தனியாக எடுத்துவிட்டேன், குரோமெட்டோடு. 12 எம்.எம். 25ம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், பத்து ரூபாய் நாணயத்தை இலவசமாகச் சேர்த்துத் தருகிறேன்.