விலை தெரியாமல் 499 ரூபாய்

ஓலா மின்சார ஸ்கூட்டரின் டீசர்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. 2021 ஜூலை 15 அன்று முன்பதிவு தொடங்கியது. விலை சொல்லவில்லை. ஒருமுறை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதும் சொல்லவில்லை. ஆனாலும் 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் முன்பதிவு ஆனதாக நிறுவனம் அறிவித்தது!

சூட்சுமம் முன்பதிவுக்குக் கட்டிய அந்த 499 ரூபாயில்தான். வேண்டாமென்றால் திரும்பக் கிடைக்கும் பணம், அதனால் யாரும் யோசிக்கவில்லை. ஆனால் கட்டியவர் அப்புறம் வெறும் வேடிக்கை பார்ப்பவர் இல்லை, "நம்ம வண்டி" என்று காத்திருப்பவர்.

பிறகு ஒரு மாதம் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ஒரு நாள் பத்து நிறங்கள், இன்னொரு நாள் வண்டி பின்னோக்கி ஓடும் வீடியோ. காட்டியதெல்லாம் பார்த்தவுடன் புரிகிற விஷயங்கள். மற்ற வண்டிகளோடு எண் வைத்து ஒப்பிடக்கூடிய விவரங்களைப் பெரிதாக வெளியே விடவில்லை. ஒப்பிட முடிந்தால் ஆர்வம் கணக்காகிவிடும் இல்லையா?

ஆகஸ்ட் 15 அன்று விலை வந்தது: எஸ்1 99,999, எஸ்1 ப்ரோ 1,29,999, ஷோரூம் விலை. மானியம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், கையிலிருந்து எவ்வளவு போகும் என்ற கணக்கை அன்றுதான் பலர் போடத் தொடங்கினார்கள்.