கூடலூர் அம்மாவின் பேட்டியை எழுதி முடித்த கதை

கூடலூர் பக்கம் இருக்கும் ஒரு அம்மா, 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர். தேயிலைத் தோட்டத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் எடுத்த பேட்டியைக் கேட்டு எழுதினால் பக்கம் பக்கமாக நீண்டது. இலங்கையிலிருந்து வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் ஆரம்பிப்பார், நடுவில் பேத்தி கல்யாணம், அப்புறம் திடீரென்று கண்டித் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடான லயம்.

முதலில் எதையும் திருத்தாமல், 'ம்', 'வந்து' எல்லாம் சேர்த்து, ஒவ்வொரு பத்திக்கும் ஒலிப்பதிவின் நிமிடத்தைப் போட்டு வைத்தேன். பிறகு அந்தப் பத்திகளை இலங்கை, முகாம், கூடலூர் என்று பிரித்து அடுக்கினேன். எங்கே தூக்கி வைத்தாலும் நிமிடக் குறிப்பு கூடவே போக வேண்டும், இல்லாவிட்டால் எது எதற்குப் பின் சொன்னது என்பதே மறந்துபோகும்.

சிக்கல் வருவது ஒட்டும் இடத்தில்தான். பதினான்காவது நிமிடத்தில், "மண்டபத்துல இருக்கும்போது அவருக்குக் காய்ச்சல் வந்திருச்சு" என்றார். ஐம்பதாவது நிமிடத்தைத் தாண்டி, "முதல்ல நான்தான் கொழுந்து பறிக்கப் போனேன்" என்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், கணவர் படுத்ததால் இவர் வேலைக்குப் போனதாகத் தானாகவே ஒரு கதை வந்துவிடுகிறது. அதை அவர் சொல்லவேயில்லை. போன் போட்டுக் கேட்டேன். "அய்யோ இல்ல தம்பி, காய்ச்சல் அங்கயே சரியாயிருச்சு. கொழுந்து பறிக்கப் பொம்பளைங்களைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க" என்றார். அதனால் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் விட்டேன். கூப்பிட்ட விஷயத்தைப் பிறகு போனில் சொன்னதாகவே எழுதினேன்.

'அங்க' என்ற சொல்லையும் நம்ப முடியாது. சில இடத்தில் இலங்கை, சில இடத்தில் மண்டபம். முன்பின் பேச்சில் தெளிவாக இருந்தால் மட்டும் 'அங்க [கண்டியில்]' என்று சதுர அடைப்புக்குள் போட்டேன், தெரியாததைக் கேட்டுக்கொண்டேன்.

இன்னொன்று, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய கங்காணியைப் பற்றிய என் கேள்வி. "கங்காணி ரொம்பக் கொடுமைப்படுத்தினாரா?" என்று நான் கேட்க, அவர் கொஞ்சம் யோசித்து, "ம்... அப்படியும் சொல்லலாம்" என்றார். இதை 'கங்காணி எங்களைக் கொடுமைப்படுத்தினார்' என்று மேற்கோளில் போட்டால் அது என்னுடைய வாக்கியம், அவர் வாயில். கேள்வியையும் பதிலையும் அப்படியே வைத்தேன். அவராகவே சொன்ன நிறுவைக் கதை, கூடை எடைக்கென்று கொழுந்தில் கூடுதலாகக் கழித்த கதை, அதைவிட எவ்வளவோ பேசுகிறது.

'ம்', திரும்பத் திரும்ப வந்த வார்த்தை, பேத்தி கல்யாணம் எல்லாம் வெட்டினேன். 'பொம்பளைங்க', 'பேர் போடுறது' எதையும் எழுத்துத்தமிழாக்கவில்லை. பேர் போடுறது என்றால் நாள் சம்பளத்துக்கு வருகை பதிவது என்று என் வரியில் விளக்கினேன். வெட்டு விழுந்த இடத்தில் மூன்று புள்ளி.

கடைசியில் முழுதும் வாசித்துக் காட்டினேன். வருடத்தை மட்டும் திருத்தினார், நான் போட்டிருந்த தலைப்பு வேண்டாம் என்றார், மாற்றி அனுப்பிவிட்டேன்.