கல் தொட்டிக்கு மேலே எவ்வளவு ஆவி?

கோயம்புத்தூரில் கட்டட வடிவமைப்பாளர்களுக்கு முப்பரிமாணப் படங்கள் செய்து தருவது என் தொழில். இன்னும் கட்டாத அறை, கட்டி முடித்தபின் எப்படி இருக்கும் என்பதை Blender மென்பொருளில் உருவாக்கிக் காட்டுவேன். அண்மையில் செய்தவற்றில் என்னை மிகவும் ஈர்த்தது ஒரு மலை விடுதியின் ஸ்பா அறை. கருங்கல்லில் குடைந்த இரண்டு தொட்டிகள், பின்சுவர் முழுக்கத் தேக்குச் சட்டங்கள், மெழுகுவத்தி வெளிச்சம், வெந்நீரிலிருந்து எழும் மெல்லிய ஆவி. "ஆவி கட்டாயம் வேண்டும். ஆனால் கல்லில் உளி பட்ட தடமும் மரத்தின் ரேகையும் மறையக் கூடாது" என்றார் வடிவமைப்பாளர்.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி, வழக்கமான முறையில் தொடங்கினான். அறை முழுவதையும் ஒரு பெட்டியால் மூடி, அதன் உட்புறம் முழுவதையும் ஒளி சிதறும் மூட்டமாக்கும் Volume Scatter கொடுத்துவிட்டான். "அண்ணா, Density-யைக் குறைத்தால் ஆவியே தெரியவில்லை, கூட்டினால் சுவர் போய்விடுகிறது" என்றான். அவன் சொன்னது சரி. அந்த முறையில் இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல எண் கிடைக்காது.

ஏன் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். ஆவியைக் கடந்து வரும் ஒளியின் பங்கு, அடர்த்தியையும் கடக்கும் தூரத்தையும் பெருக்கினால் வரும் எண்ணைப் பொறுத்தது:

```
exp(-0.1 * 6)   = 0.55
exp(-0.5 * 0.3) = 0.86
```

முதல் வரி தம்பியின் பெட்டி. கேமராவிலிருந்து பின்சுவர் 6 மீட்டர், அடர்த்தி 0.1 மட்டுமே. ஆனாலும் சுவரிலிருந்து வரும் ஒளியில் பாதிக்குச் சற்றே அதிகம்தான் மிஞ்சுகிறது. இரண்டாவது வரியில் ஆவி தொட்டிக்கு மேல் மட்டும், 30 சென்டிமீட்டர் தடிமனில் நிற்கிறது. அடர்த்தி ஐந்து மடங்கு, இழப்போ மிகக் குறைவு. எனவே பெட்டியை எடுத்துவிட்டு, தொட்டி விளிம்பிலிருந்து முழங்கை உயரத்துக்குள் கலைந்துவிடும்படி, ஒழுங்கற்ற திட்டுகளை உண்டாக்கும் Noise Texture வைத்து ஆவியைச் சுருக்கினோம்.

ஒளி குறைவதைவிட நிழல் வெளுப்பதுதான் பெரிய கேடு. இரண்டு சட்டங்களுக்கு இடையே உள்ள இருட்டு 0.02, சட்டத்தின் முகம் 0.2 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு பத்து மடங்கு. ஆவி தன் பங்குக்கு எல்லா இடத்திலும் 0.08 வெளிச்சத்தைச் சேர்த்தால் அவை 0.10, 0.28 ஆகிவிடும். வேறுபாடு மூன்று மடங்குகூட இல்லை. சட்டங்கள் சுவரோடு ஒட்டிய கோடுகளாகத் தெரிவது இதனால்தான்.

அடுத்தது விளக்கு. நீர்த்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் அது போகும் திசையிலேயே சிதறடிக்கும். மென்பொருளில் இந்தத் திசைச் சாய்வைக் குறிக்கும் Anisotropy தொடக்கத்தில் 0-வில் இருக்கும், நான் 0.7 வைத்தேன். அதன்பின், கேமராவிலிருந்து பார்க்க ஆவிக்குப் பின்னால் மெழுகுவத்தி இருந்தால் ஆவியின் ஓரம் ஒளிரும். முன்னால் இருந்தால் ஆவி அடங்கிவிடும். எனவே சில மெழுகுவத்திகளைத் தொட்டிக்குப் பின்னே ஆவிக்காக வைத்தோம். ஒன்றை மட்டும் தொட்டியின் பக்கவாட்டில், கல்லை உரசிக்கொண்டு போகும் தாழ்ந்த கோணத்தில் வைத்தோம். உளித்தடத்தின் ஒரு கரை ஒளிர, மறுகரை நிழலில் விழ, கல் உயிர் பெற்றது அந்த ஒன்றால்தான். நிறத்துக்கு, கெல்வின் வெப்பநிலையை நிறமாக மாற்றும் Blackbody-யில் 1900 போதும். கேமரா பக்கமிருந்து விளக்கு எதையும் சேர்க்கவில்லை. அது உளித்தடங்களின் நிழலை நிரப்பித் தட்டையாக்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் மரத்தின் ரேகை மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் ஆவியே இல்லாத மூலையிலும் அதே மங்கல் இருந்ததால், காரணம் வேறு என்று புரிந்துவிட்டது. ஆவி உள்ள படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வரும். அதை நீக்க ஓடும் Denoise, கல்லின் புள்ளிகளையும் மரத்தின் ரேகையையும் இரைச்சலாக எண்ணி வழித்துவிடுகிறது. இதற்கு அறையையும் ஆவியையும் இரண்டு View Layer-களாகப் பிரித்தேன். ஆவி அடுக்கில் அறைப் பொருள்களுக்கு Holdout கொடுத்தேன்; அவை தெரியாது, தமக்குப் பின்னால் உள்ள ஆவியை மட்டும் மறைக்கும். நுணுக்கம் ஏதும் இல்லாத ஆவியை எவ்வளவு வழித்தாலும் இழப்பில்லை. அறைக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிடும் ஒளி மாதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, Denoise-ஐ லேசாகத்தான் தொட்டேன். கடைசியில் Alpha Over கொண்டு ஆவியை அறையின் மேல் வைத்து இரண்டையும் இணைத்தேன்.

பிரித்துச் செய்ததால் சோதிப்பதும் எளிது. கல்லும் சட்டமும் சந்திக்கும் இடத்தைப் பெரிதாக்கி, ஆவி அடுக்கை அணைத்தும் ஏற்றியும் பார்ப்பேன். அணைத்தபோது தெரிந்த உளித்தடம் ஏற்றியபோது மறைந்தால், அந்த இடத்தில் மட்டும் அடர்த்தியைக் குறைப்பேன். முடிந்த படத்தில் Contrast கூட்டிச் சரிசெய்வதை நான் ஏற்பதில்லை. சட்டங்களின் இருட்டு திரும்பும், ஆனால் ஆவி திட்டுத்திட்டாகிவிடும். அதே காரணத்தால் வடிவமைப்பாளருக்கு 8 பிட் JPEG அனுப்பாமல் 16 பிட் PNG அனுப்பினேன். இருட்டுக்குள் ஆவி மெல்லக் கரையும் இடத்தில் 8 பிட்டின் படிகள் பட்டை பட்டையாகத் தெரியும். அவர் அதை அச்சுக்கும் கொடுக்கவிருந்தார்.