பாரிஸில் மதியம் 1 மணி என்றால் நமக்கு எத்தனை மணி?

பாரிஸில் இருக்கும் எங்கள் அண்ணன் அங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறார். 2024 தீபாவளிக் கலை நிகழ்ச்சி அறிவிப்பை எழுதும் வேலையைப் புதுச்சேரியில் இருக்கும் என் தலையில் கட்டினார். அக்டோபர் 27, ஞாயிறு, அங்கே மண்டபத்தில் மதியம் 1 மணிக்குத் தொடக்கம். ரீயூனியன் தீவு, சிட்னி, நியூஜெர்சி, புதுச்சேரிக் குடும்பங்கள் ஜூமில் சேர்ந்து பாடுவார்கள்.

அதற்கு முந்தின ஞாயிறு, 20ஆம் தேதி, ஒத்திகை நடந்தது. பாரிஸில் 1 மணி, எங்களுக்கு மாலை 4:30. எல்லாரும் சரியாக வந்துவிட்டார்கள். அதே நேரங்களை அப்படியே எடுத்து அறிவிப்பில் போட்டு அனுப்பினேன். தப்பு அங்கேதான்.

அன்று இரவே பாரிஸ் சித்தி கூப்பிட்டார். "ஏம்பா, 27ஆம் தேதி விடிகாலையில நாங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால வைக்கணும். அதைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. ஐரோப்பாவில் கோடை நேரம் அக்டோபர் கடைசி ஞாயிறு முடிகிறது. நமக்கும் பாரிஸுக்கும் இருந்த மூன்றரை மணி வித்தியாசம் அன்று நாலரை ஆகிவிடும். அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறுதான் மாற்றும். சிட்னி அக்டோபர் தொடக்கத்திலேயே ஒரு மணி முன்னே போயிருந்தது. ரீயூனியனும் நாமும் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை.

மண்டபத்து நேரத்தை மாற்ற முடியாது. ஆகவே மற்ற எல்லாரும்தான் ஒரு மணி நேரம் தள்ள வேண்டும். புதுச்சேரி மாலை 5:30, ரீயூனியன் மாலை 4, நியூஜெர்சி காலை 8, சிட்னி இரவு 11. நியூஜெர்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம், கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கலாம். சிட்னிப் பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளி. அவர்கள் பாட்டை முதலில் வைக்கச் சொல்லி அண்ணனிடம் சண்டை போட்டேன்.

புது அறிவிப்பில் EST, IST எதையும் எழுதவில்லை. அக்டோபரில் நியூஜெர்சி இருப்பது EDT என்ற கோடை நேரத்தில்; EST அவர்களுடைய குளிர்கால நேரம். ஆனால் பழக்கத்தில் எல்லாரும் EST என்றே எழுதுகிறார்கள், அதை நம்பிக் கணக்கிட்டால் ஒரு மணி பிசகும். ஊர், கிழமை, நேரம் மட்டும் போட்டேன். 'இன்று மாலை' என்பதையும் எடுத்தேன், நியூஜெர்சியில் அது காலை. கைபேசி நாட்காட்டி அழைப்பை முதலில் Asia/Kolkata என்று வைத்திருந்தேன். அது 4:30-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. Europe/Paris, 13:00 என்று மாற்றியதும் எல்லார் கைபேசியிலும் அவரவர் ஊர் நேரம் தானே சரியாக வந்தது.

பழைய அறிவிப்புப் படத்தைக் குழுவிலிருந்து அழித்தேன், புதியதை வேறு நிறத்தில் போட்டேன். அப்படியும் லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் நாலரைக்கே பட்டுப்பாவாடை கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். பழைய படம் அவர்கள் குடும்பக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே என்னால் எதையும் அழிக்க முடியாதே.