கட்டையும் நகர்ந்தால் உருளை நழுவுமா?

மண்டபம் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. உராய்வே இல்லாத தரையில் ஆப்பு வடிவக் கட்டை ஒன்று நிற்கிறது, அதன் சரிவில் ஒரு திட உருளை நழுவாமல் உருண்டு இறங்குகிறது. கட்டை பின்னால் போகும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம், வள்ளத்திலிருந்து கரைக்குக் குதித்தால் வள்ளம் பின்வாங்கும் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகள். கிடைமட்டத்தில் வெளிவிசை கிடையாது, அதனால் மொத்தக் கிடைமட்ட உந்தம் சுழியாகவே இருக்கும்.

தடுமாறும் இடம் வேறு. v = Rω என்று எழுதும்போது தரையிலிருந்து பார்க்கும் வேகத்தைப் போட்டுவிடுகிறார்கள். உருளை தொட்டுக்கொண்டிருப்பது தரையை இல்லை, கட்டையை. அந்த v கட்டையைச் சார்ந்த வேகம். இது பிடிபட்டால், கட்டையோடு நகர்ந்தபடி பார்த்து, போலி விசையையும் சேர்த்து எழுதினால், உருளையின் நிறை m, கட்டையின் நிறை M, சரிவின் கோணம் θ என்று வைத்துக்கொண்டால், சரிவில் முடுக்கம் இப்படி வரும்:

a = g sinθ / (3/2 − m cos²θ/(M+m))

M மிகப் பெரிதானால் இது நிலையான சரிவுக்கான (2/3) g sinθ ஆகிவிடும். போட்டது சரியா என்று பார்க்க இதுவே சுலபமான வழி.

ஒரு மாணவி கேட்டாள்: "சார், கட்டைதான் விலகிப் போகுதுல்ல, அப்ப உருள்றதுக்கு உராய்வு கம்மியாத்தானே தேவைப்படும்?" நல்ல கேள்வி. "போட்டே பாத்துருவோம்மா" என்று θ = 30°, M = 2m எடுத்தோம்.

கட்டையை அசையாமல் பிடித்திருந்தால் a = g/3. விட்டுவிட்டால் 0.4g. உருளையைச் சுழல வைப்பது உராய்வு மட்டும்தான், அதன் அளவு ma/2, ஆகவே முடுக்கம் கூடும்போது உராய்வும் mg/6 இலிருந்து mg/5 ஆகக் கூடியே தீர வேண்டும். அதே நேரம் கட்டை அடியிலிருந்து விலகிக்கொண்டே இருப்பதால் உருளை அதை அழுத்துவது குறைகிறது, செங்குத்து விசை 0.866mg இலிருந்து 0.808mg ஆகிறது. தேவை கூடுகிறது, அதைக் கொடுக்க வேண்டிய அழுத்தமோ குறைகிறது. இரண்டையும் வகுத்தால், உருள்வதற்குத் தேவையான குறைந்தபட்ச உராய்வுக் குணகம் பிடித்த கட்டையில் 0.19, விட்ட கட்டையில் ஏறக்குறைய 0.25.

அப்படியென்றால் குணகம் 0.22 உள்ள ஒரு கட்டையில், கையால் பிடித்திருக்கும்வரை உருளை ஒழுங்காக உருளும், கையை எடுத்துவிட்டு மறுபடி இறக்கினால் நழுவும். நழுவினால் v = Rω போய்விடும், மேலே உள்ள சூத்திரமும் செல்லாது; உராய்வை ma/2 என்று எடுக்காமல் குணகம் பெருக்கல் செங்குத்து விசை என்று வைத்து முதலிலிருந்து போட வேண்டும், சுழற்சிக்குத் தனிச் சமன்பாடு. "நழுவாமல்" என்று கேள்வியிலேயே கொடுத்திருந்தால் சரி, குணகத்தை மட்டும் கொடுத்திருந்தால் f/N கணக்கிட்டு ஒப்பிட்ட பிறகுதான் விடையில் கை வைக்கலாம்.

அந்த மாணவி அடுத்து M = m என்று போட்டுப் பார்த்தாள். தேவைப்படும் குணகம் 0.28-ஐத் தாண்டியது.