கூட்டம் எத்தனை மணிக்கு முடியும்?

அக்காவின் காலடியில் பயணப் பை இருந்தது. அதன் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக் கூட்டம். இரவு எட்டரைக்கு அவருக்கு யாழ்ப்பாண பஸ். வாட்ஸ்அப்பில் வந்த அறிவித்தல் இவ்வளவுதான்: "இன்று மாலை 6 மணிக்குக் கூட்டம். அனைவரும் வரவும்."

7.50க்கு அவர் எழுந்து போனார். லிஃப்ட் திருத்தச் செலவைப் பிரிக்கும் பேச்சு எட்டு மணிக்குத்தான் தொடங்கியது. அதிகம் கட்டப்போவது மேல்மாடியில் இருக்கும் அவர்தான்.

அந்த அறிவித்தலை எழுதியது நான். இரவு முழுக்க மனம் ஆறவில்லை.

இன்று அடுத்த கூட்டத்துக்கு இப்படி எழுதினேன்: "மாலை 6.00 முதல் 7.15 வரை. பணம் பற்றிய முடிவு 6.10க்கு. 7.15க்குக் கட்டாயம் முடியும்."

"ஒரு மணி நேரம்" என்று மட்டும் போட்டால் போதாது. பத்து நிமிடம் பிந்தித் தொடங்கினால் முடிவும் பத்து நிமிடம் தள்ளிப்போகும். கடிகார நேரத்தைச் சொன்னால் பிந்திய நிமிடங்களைப் பேச்சில்தான் குறைக்க வேண்டும்.

கைபேசி நாள்காட்டி தானாகப் போடும் முடிவு நேரத்தையும் அப்படியே விடக்கூடாது. அது யாரும் யோசித்துப் போட்ட நேரம் இல்லையே.

7.05 ஆனதும் மிச்சம் என்ன என்று பார்ப்போம். முடியாததை அடுத்த கூட்டத்துக்கு வைப்போம். நீட்டத்தான் வேண்டுமென்றால் எத்தனை மணி வரை என்று அப்போதே கேட்போம். போக வேண்டியவர்கள் போகலாம், ஆனால் அவர்கள் போனபின் வாக்கெடுப்பு இல்லை.

அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து பதில் போட்டிருக்கிறார்: "சரி தம்பி, அன்றைக்கு ஒன்பது மணி பஸ்ஸுக்கு சீட் போடுறன்."